அழுது மூச்சுக் கட்டிக்கொள்ளும் பிள்ளையும் சுவரில் தலையை முட்டும் பிள்ளையும்: பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகள்

என் மகனுக்கு ஒரு வயது இரண்டு மாதம். கையிலிருந்த போனைப் பிடுங்கியதும் வீறிட்டு அழுதான். பிறகு சத்தமே வரவில்லை. உதடு நீலமாகி, என் தோளில் துவண்டுவிட்டான். உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். டாக்டர், இது என்ன?

நீங்கள் சொன்ன வரிசையிலேயே விடை இருக்கிறது. முதலில் கோபம், அடுத்து அழுகை, பிறகு சத்தமின்மை, நீலம், கடைசியில் துவளல். இந்த ஐந்தும் இதே ஒழுங்கில் வந்தால் அது பெரும்பாலும் மூச்சுக்கட்டுதான். வீடுகளில் ‘ஏங்கிப்போய்விட்டான்’, ‘அழுது மூச்சுக் கட்டிக்கொண்டான்’ என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். 100 குழந்தைகளில் சுமார் 5 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் தொடங்கும்.

உள்ளே நடப்பது இதுதான். அழுகை என்பது நீளமான வெளிமூச்சு. நன்றாக அழும் குழந்தை ஒவ்வொரு வீறலுக்குப் பிறகும் ‘ஹக்’ என்று மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த வீறலுக்குப் போகும். மூச்சுக்கட்டில் அந்த ‘ஹக்’ வருவதில்லை. காற்று முழுவதும் வெளியே போன நிலையில் மூச்சு அப்படியே நின்றுவிடுகிறது. வாய் திறந்திருக்கும், முகம் அழும் முகமாகவே இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. சின்னக் குழந்தையின் நுரையீரலில் சேமிப்பு குறைவு, உடலோ ஆக்சிஜனை வேகமாகச் செலவழிக்கிறது. அதனால் பத்துப் பதினைந்து விநாடிக்குள் உதடு கறுத்து நீலமாகிவிடுகிறது. மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறைந்ததும் குழந்தை மயங்கிவிடுகிறது.

மயங்கிய அந்த நொடிதான் தாய்க்கு உலகம் முடிந்த நொடி. எனக்கோ அது ஆறுதலான நொடி. மயக்கம் வந்ததும் அழுகையின் பிடி விட்டுப்போகிறது, மூளைத்தண்டு மூச்சுவிடும் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது. ஒரு இழுப்பு, பிறகு இன்னொன்று, நிறம் திரும்பிவிடும். தொடக்கம் முதல் முடிவு வரை பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வீட்டில் பார்த்தவர்கள் எல்லாரும் ஐந்து நிமிடம் என்றுதான் சொல்வார்கள். போனில் பிடித்துவந்த காணொளியை ஓடவிட்டுப் பார்த்தால் முப்பது விநாடிகூட இருக்காது. பெற்றோர் பொய் சொல்லவில்லை, பயத்தில் நேரம் அப்படித்தான் நீள்கிறது.

வேண்டுமென்றேதான் மூச்சை அடக்குகிறான், பிடிவாதம் என்கிறார் மாமனார். அப்படியா?

இல்லை. மூச்சை ‘அடக்குகிறான்’ என்ற சொல்லே தவறான எண்ணத்தைத் தருகிறது. குளத்தில் முங்கும் சிறுவன்தான் மூச்சை அடக்குகிறான். முதலில் காற்றை நிறைய உள்ளிழுத்து, பிறகு வாயை மூடிக்கொள்கிறான். இங்கே நடப்பது நேர் எதிர்: காற்று காலியாகி, வாய் திறந்தபடி மூச்சு நிற்கிறது. இது அனிச்சைச் செயல். பத்து மாதக் குழந்தைக்குத் திட்டம் போட்டு மயங்கும் சாமர்த்தியம் கிடையாது.

மாமனாரிடம் வேறொன்றைக் கேட்டுப்பாருங்கள். சிறு வயதில் அவருக்கோ, உங்கள் கணவருக்கோ இப்படி வந்திருக்கிறதா என்று. நான் கேட்கும் வீடுகளில் மூன்று நான்கில் ஒன்றிலாவது, ‘இவனும் இப்படித்தான் ஏங்கிப்போவான்’ என்று ஒரு பாட்டி சொல்லிவிடுகிறார். குடும்பவாகில் வருவது இது.

அந்த நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். குழந்தை அந்த நேரத்தில் ஏதாவது தின்றுகொண்டிருந்ததா? வேர்க்கடலை, பட்டாணி, பொத்தான், நாணயம் எதையாவது வாயில் போட்டிருந்தானா? அப்படியிருந்து, திடீரென்று இருமி, திணறி நீலமானால் அது மூச்சுக்கட்டு இல்லை, தொண்டை அடைப்பு. அதற்குக் காத்திருக்கக்கூடாது. தலை தாழ இருக்கும்படி முன்பக்கம் சாய்த்துப் பிடித்து, இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு தட்ட வேண்டும், ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். அழுகையில் தொடங்கியது மூச்சுக்கட்டு, வாயில் இருந்த பொருளில் தொடங்கியது அடைப்பு.

அழுகையில் தொடங்கியது என்று தெரிந்தால், செய்ய வேண்டியது மிகவும் குறைவு. குழந்தையைத் தரையிலோ பாயிலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலை இடிக்காத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். அவ்வளவுதான். தோளில் தூக்கி நிமிர்த்திப் பிடிப்பதைவிடப் படுக்கவைப்பது நல்லது, ஏனென்றால் படுத்திருக்கும்போதுதான் மூளைக்கு இரத்தம் எளிதில் போகும். சத்தம் நின்ற அந்த முதல் சில விநாடிகளில் முகத்தில் லேசாக ஊதினால் சில குழந்தைகள் சட்டென்று மூச்சை இழுத்துவிடுகின்றன. ஊதிப் பார்க்கலாம், கெடுதல் இல்லை. பலிக்காவிட்டால் மீண்டும் மீண்டும் முயல வேண்டாம்.

செய்யக்கூடாதவைதான் நீளமான பட்டியல். முதலாவது, உலுக்காதீர்கள். பயத்தில் கை தானாக உலுக்கப் போகும், தெரியும். ஆனால் சின்னக் குழந்தையின் கழுத்து தலையின் எடையைத் தாங்காது. பலமாக உலுக்கினால் மூளையைச் சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக்குழாய்கள் அறுந்து இரத்தம் கசியும். மூச்சுக்கட்டு செய்யாத கேட்டை அந்த உலுக்கல் செய்துவிடும். தலைகீழாகத் தூக்கித் தட்டுவதும் அப்படியே. வாயில் விரலோ கரண்டியோ விடாதீர்கள். தண்ணீர் புகட்டாதீர்கள், மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போகும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலும், மூக்கில் வெங்காயம் காட்டுவதாலும் எதுவும் ஆகாது. நிமிடம் முடிந்து குழந்தை தானே விழிக்கும்போது கையில் சாவி இருந்ததால் பெயர் சாவிக்குப் போகிறது. சொன்னேனே, முழு நிகழ்வும் ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் யார் எதைச் செய்தாலும் அது ‘பலித்துவிடும்’.

ஒரு நிமிடம் கடந்தும் மூச்சு திரும்பவில்லை என்றால் அது வேறு விஷயம். 108-ஐ அழையுங்கள், வாயோடு வாய் வைத்து மூச்சூதத் தெரிந்தவர் ஊதட்டும்.

விழித்த பிறகு குழந்தை கொஞ்சம் சோர்ந்திருக்கும், சில நேரம் தூங்கிவிடும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததைப் பற்றிக் குழந்தையின் முன்னால் ஆர்ப்பாட்டம் வேண்டாம்.

கடைசியில் கை காலை இரண்டு முறை வெட்டி இழுத்தான். உடம்பு வில்லாக வளைந்தது. இது வலிப்பு நோய்தானே? ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டாமா?

மூளைக்குச் சில விநாடி ஆக்சிஜன் குறைந்தால் உடம்பு விறைப்பதும், இரண்டு மூன்று வெட்டு வெட்டுவதும் உண்டு. அது மயக்கத்தின் வால், வலிப்பு நோயின் தலை அன்று. வலிப்பு மருந்து அதைத் தடுக்காது, தேவையும் இல்லை.

இரண்டையும் பிரிப்பது மறுபடியும் வரிசைதான். மூச்சுக்கட்டில் நீலம் முதலில், வெட்டு பிறகு. வலிப்பு நோயில் வெட்டு முதலில் வரும், நீலம் வந்தால் அதன் பின்னால்தான் வரும். மூச்சுக்கட்டுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும்: பிடுங்கிய பொம்மை, போட்ட ஊசி, விழுந்த அடி. வலிப்பு சும்மா விளையாடும்போதும், தூங்கும்போதும் வரும். தூக்கத்தில் மூச்சுக்கட்டு வராது. இந்த ஒரு கேள்வியை நான் எல்லாரிடமும் இரண்டு முறை கேட்பேன்: ‘தூக்கத்தில் ஒரு தடவையாவது வந்ததா?’

நடந்த வரிசை தெளிவாக இருந்தால், மூளையின் மின்னலைகளைப் பதியும் இந்த ஈ.ஈ.ஜி.யை எடுப்பதில்லை. எடுத்தால் பெரும்பாலும் இயல்பாகவே வரும். சில ஆரோக்கியமான குழந்தைகளிலும் ஈ.ஈ.ஜி.யில் சிறு கோணல் தெரியும், அந்தத் தாளைப் பார்த்து இரண்டு வருடம் வலிப்பு மருந்து தின்ற குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவரிடம் போகும்போது நீங்கள் கொண்டுபோக வேண்டியது காணொளி. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால், அவரைக் குழந்தையின் முகமும் கை காலும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். குழந்தை அழத் தொடங்கியதிலிருந்தே எடுத்தால் இன்னும் நல்லது, தொடக்கம்தான் விடை சொல்லும்.

என் மகள் நீலமாவதில்லை. கதவில் நெற்றி இடித்தது, ஒரே ஒரு ‘ஆ’, உடனே வெள்ளைத்தாள் மாதிரி வெளிறி விழுந்துவிட்டாள். அதுவும் இதுதானா?

உறவுக்காரி, ஆனால் வேறு ஆள். இதில் அழுகையே இருக்காது, இருந்தாலும் ஒரு முனகல்தான். எதிர்பாராத வலியோ திடுக்கிடலோ பட்டதும், இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு அளவுக்கு மீறிக் கடிவாளத்தை இழுத்துவிடுகிறது. இதயத் துடிப்பு மிகவும் மெதுவாகும், சில விநாடி நின்றுகூடப் போகும். முகம் வெளிறி, வியர்த்து, குழந்தை சரிந்துவிடும். பிறகு துடிப்பு தானே திரும்பும். பெரியவர்கள் சிலர் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுவார்கள் அல்லவா, அதன் குழந்தைப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழந்தைகளில் சிலர் வளர்ந்த பிறகும் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் நின்று மயங்குகிறார்கள்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெளிறும் வகையாக இருந்தால், இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.சி.ஜி.யை ஒரே ஒரு முறையாவது எடுத்துவிடுவேன். இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவிக் கோளாறு உள்ள சில குழந்தைகள், குறிப்பாக ஈ.சி.ஜி.யில் கியூ-டி என்னும் இடைவெளி நீண்டவர்கள், இதே மாதிரி திடுக்கிட்டுச் சரிவார்கள். அது மிக அரிது, ஆனால் தவறவிடக்கூடாதது. ஐந்து நிமிட வேலை, வலியில்லை. ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்கினால், அல்லது குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால், எந்த நிறமாக இருந்தாலும் ஈ.சி.ஜி. கட்டாயம். வீட்டில் அப்படி ஓர் இறப்பு நடந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், ‘அது விதி’ என்று விட்டுவிடாதீர்கள்.

மூச்சு நின்றதற்கு டாக்டர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து இரும்புச் சத்து மருந்து தருகிறார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இதை நான் மிகவும் விரும்பும் கேள்வி என்பேன், ஏனென்றால் இங்கேதான் உண்மையில் கையில் எடுத்துக் கொடுக்க ஒரு மருந்து இருக்கிறது.

ஒரு குழந்தையின் கதையைச் சொல்கிறேன். ஒரு வயது மூன்று மாதம், எடை 9 கிலோ. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை மூச்சுக்கட்டு. தாய் வேலையை விட்டுவிட்டார், ஆளில்லாத வீட்டில் குழந்தையோடு இருக்கப் பயம். இரண்டு இடத்தில் தலைக்கு ஸ்கேன் எடுத்திருந்தார்கள், இயல்பு. நான் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. ‘சாப்பாடே இறங்காது டாக்டர், பால் மட்டும் குடிப்பான்.’ எவ்வளவு? கூட்டிப் பார்த்தால் பாட்டிலில் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் மாட்டுப்பால். பேச்சோடு பேச்சாகப் பாட்டி சொன்னார், சுவரைப் பிறாண்டிச் சுண்ணாம்பைத் தின்கிறான் என்று. குழந்தையின் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தேன், உட்புறம் வெளுத்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.9, பெரிட்டின் 5. ஹீமோகுளோபின் 11-க்கு மேல் இருக்க வேண்டும். பெரிட்டின் என்பது இரும்பின் கையிருப்பு, 12-க்குக் கீழ் போனால் கையிருப்பு காலி என்று அர்த்தம்.

மாட்டுப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அது போதாதென்று வயிற்றை நிறைத்துப் பசியை அடைத்துவிடுகிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது சேர்த்த இரும்பு ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும், அதன்பின் சோற்றோடு வர வேண்டியது வரவில்லை. மண், சுண்ணாம்பு, சாக்கட்டி தின்பது அந்தப் பற்றாக்குறையின் கூப்பாடு.

இரும்பு குறைந்தால் மூச்சுக்கட்டு ஏன் கூடுகிறது? இரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் ஆள் குறைவு என்பது ஒரு பாதி. இதயத்தையும் மூச்சையும் தானாக ஓட்டும் நரம்பு மண்டலத்துக்கும் மூளையின் இரசாயனங்களுக்கும் இரும்பு தேவை என்பது மறுபாதி. ஹீமோகுளோபின் இயல்பாக உள்ள சில குழந்தைகளுக்கும் இரும்பு கொடுத்தால் மூச்சுக்கட்டு குறைவதால், இரண்டாவது பாதிக்கு எடை அதிகம் என்று நினைக்கிறேன். 1997-இல் ஜோர்தானில் 67 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். இரும்பு மருந்து நான்கு மாதம் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு மூச்சுக்கட்டு முழுவதுமாக நின்றது, இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குப் பாதிக்கும் கீழே குறைந்தது. வெறும் போலி மருந்து வாங்கியவர்களில் ஒருவருக்குக்கூட முழுவதும் நிற்கவில்லை.

இந்தக் குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம், அதாவது ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் இரும்பு, ஒரே வேளையாகத் தந்தோம். இங்கே ஒரு பொறி உண்டு. சொட்டு மருந்துக் குப்பிகள் எல்லாம் ஒரே வலிமை இல்லை. ஒன்றில் 1 மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 25. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிய ‘1 மில்லி’ உங்கள் குழந்தைக்குச் சரியாகாது. குப்பியில் ‘தனிம இரும்பு’ எவ்வளவு என்று மருந்தாளரிடம் கேட்டு, மருத்துவர் சொன்ன மில்லிகிராமோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பாலோடு தராதீர்கள், பால் இரும்பை ஏற விடாது. எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ ஆரஞ்சோ சேர்ந்தால் நன்றாக ஏறும். மலம் கறுக்கும், பல்லில் கறை படியலாம். நாக்கின் பின்பக்கமாக விட்டுத் தண்ணீர் கொடுத்தால் கறை குறையும். குப்பியைக் குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். இனிப்பாக இருக்கிறது என்று ஒரு குழந்தை முழுக் குப்பியைக் குடித்துவிட்டால் அது உண்மையிலேயே உயிர்க்கொல்லி, மூச்சுக்கட்டைப் போல் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடாது.

பாலை அரை லிட்டருக்குள் குறைத்து, பாட்டிலுக்குப் பதில் டம்ளருக்கு மாறினோம். கேழ்வரகு, முருங்கைக் கீரை, பாசிப்பருப்பு, முட்டை, ஈரல் என்று வீட்டில் முடிந்தவற்றை மசித்துக் கொடுத்தார்கள். முதல் மாத முடிவில் இரண்டு நாளைக்கு ஒன்று என்று குறைந்தது. மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 11.2. அந்த மாதம் முழுவதும் இரண்டே இரண்டு தடவை. அளவு சரியானதும் மருந்தை நிறுத்தாமல் கையிருப்பு நிரம்ப இன்னும் இரண்டு மாதம் தொடர்ந்தோம். முன்கூட்டி நிறுத்துவதுதான் வீடுகளில் நடக்கும் தவறு.

இதில் ஒரு எச்சரிக்கை. ஹீமோகுளோபின் குறைவு என்றால் எப்போதும் இரும்புதான் குறை என்று பொருளில்லை. பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறான தலசீமியாவின் கூறு உள்ள குழந்தைக்கும் ஹீமோகுளோபின் குறைவாகவே இருக்கும். அதனால்தான் பெரிட்டினும் பார்க்கிறோம், நீங்களாக மருந்துக்கடையில் வாங்கித் தொடங்க வேண்டாம் என்கிறோம்.

அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை தரும் இரும்பு சிரப்பில், 1 மில்லிக்கு 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அது பற்றாக்குறை வராமல் காக்க. ஏற்கெனவே பற்றாக்குறை உள்ள குழந்தைக்கு அது போதாது.

இனி அழவே விடக்கூடாது என்று கேட்டதெல்லாம் கொடுக்கிறோம். சரிதானே?

இதுதான் மூச்சுக்கட்டின் உண்மையான பின்விளைவு, உடம்பில் இல்லை, வீட்டில். பதினைந்து நாளில் குழந்தை கற்றுக்கொள்ளும்: உதட்டைப் பிதுக்கினால் போன் திரும்பி வருகிறது. மூச்சு நிற்பது அனிச்சை, ஆனால் ‘அழுதால் கிடைக்கும்’ என்பது கற்ற பாடம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கத்தரிக்கோலைப் பிடுங்க வேண்டுமானால் பிடுங்கத்தான் வேண்டும். அழுகை வரும், ஒருவேளை மூச்சுக்கட்டும் வரும், வந்தால் படுக்கவையுங்கள். விழித்ததும் கத்தரிக்கோலைத் திருப்பித் தராதீர்கள், அதே நேரம் திட்டவும் வேண்டாம். எதுவும் நடக்காததுபோல் அடுத்த வேலைக்குப் போங்கள். பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கும் குழந்தைக்கு எளிதில் வரும் என்பதால், கடைக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிப்போகும் முன் சோறூட்டித் தூங்கவைத்துவிட்டால் பாதி பிரச்சினை வராது.

என் இரண்டு வயது மகள் கோபம் வந்தால் தலையைச் சுவரில் ‘டங் டங்’ என்று முட்டுகிறாள். மண்டை உடையாதா, மூளை கலங்காதா?

முட்டும்போது ஒரு தடவை பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். மிகக் கோபத்தில் இருக்கும் குழந்தையும் வலிக்கும் அளவைத் தாண்டாமல்தான் முட்டும். பலமாக இடித்தால், அடுத்த முட்டு தலையணைக்கோ மெத்தைக்கோ மாறிவிடும். நெற்றியில் சிவப்பும் ஒரு சின்ன வீக்கமும் வரும். சாதாரண வளர்ச்சியுள்ள குழந்தைக்கு இந்த முட்டலால் மண்டை உடைவதோ மூளை கெடுவதோ வழக்கமில்லை.

முட்டும் குழந்தைக்கு இருப்பது பேச முடியாத கோபம். ‘அதைக் கொடு’, ‘இது வேண்டாம்’ என்று சொல்ல வாயில் சொல் இல்லை, தலை பேசுகிறது. சொற்கள் கூடக் கூட முட்டல் குறையும். இரண்டு கேள்விகளை நான் இங்கே கேட்பேன். ஒன்று, புதிதாக, திடீரென்று தொடங்கியதா? அப்படியானால் காய்ச்சல், காதைப் பிடித்து இழுப்பது, இரவில் திடுக்கிட்டு அழுவது இருக்கிறதா பாருங்கள், காதுவலி வந்த குழந்தைகள் தலையை முட்டுவதுண்டு. இரண்டு, காது நன்றாகக் கேட்கிறதா? காது கேளாத குழந்தைக்கும் சொல் வராது.

முட்டும்போது ஓடிப்போய்த் தூக்கிக் கொஞ்சினால் முட்டலுக்கு விலை ஏறும், அடித்தால் கோபம் ஏறும். கட்டில் விளிம்பு, கூர்மையான மூலை, கண்ணாடி இருந்தால் மட்டும் குழந்தையைத் தூக்கி நகர்த்தி வேறிடத்தில் விடுங்கள், பேச்சில்லாமல்.

கோபமே இல்லை. தூங்கப்போகும்போது மண்டியிட்டு முன்னும் பின்னும் ஆடி, தலையணையில் தாளம்போட்டுத் தலையை இடிக்கிறான். சில நாள் நடு இரவிலும்.

இது தாலாட்டு, குழந்தை தனக்குத் தானே போட்டுக்கொள்வது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடையில் தொடங்கும். விநாடிக்கு ஒன்றோ இரண்டோ என்று ஒரே சீரான தாளம், பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு தூக்கம். ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகப் பார்க்கிறேன். தூளியில் ஆடிப் பழகிய குழந்தையைக் கட்டிலுக்கு மாற்றிய வாரத்தில் இது தொடங்கியதாகச் சில தாய்மார் சொல்கிறார்கள். எனக்கு அது ஆச்சரியமில்லை. ஆட்டம் போய்விட்டது, உடம்பு அதைத் தேடிக்கொள்கிறது.

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். கட்டிலின் திருகாணிகள் ஆட்டத்தில் தளரும், வாரம் ஒரு முறை பார்த்து இறுக்குங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சுற்றித் தலையணைகளை அடுக்கிப் பாதுகாப்பு செய்யாதீர்கள், முட்டுவதைவிட மூச்சுத் திணறல்தான் ஆபத்து. பலருக்கு மூன்று வயதுக்குள் விட்டுப்போகும், நான்கு ஐந்து வயதில் அரிதாகவே மிஞ்சும்.

இது ஆட்டிசமாக இருக்குமோ?

தலை முட்டுவதை மட்டும் வைத்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது. முட்டாத மீதி நேரத்தைப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? கண்ணைப் பார்க்கிறதா? ஒன்றரை வயதில், நிலாவையோ நாயையோ விரலால் காட்டி உங்களையும் பார்க்கச் சொல்கிறதா? பேசிய சொற்களை இழந்துவிட்டதா? முட்டல் நாள் முழுவதும் நடக்கிறதா, இரத்தம் வரும்வரை போகிறதா? இவற்றில் குறை தெரிந்தால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடமோ, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலோ காட்டுங்கள்.

மூச்சுக்கட்டுக்கு எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

முதல் தடவை வந்தால், எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும், ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஓட வேண்டியது இந்த நிலைகளில்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, அழுகையோ வலியோ இல்லாமல் வந்தது, தூக்கத்தில் அல்லது ஓடும்போது வந்தது, ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தது, விழித்த பிறகும் அரை மணி நேரம் யாரையும் தெரியாமல் குழம்பியிருக்கிறது. வெட்டு ஐந்து நிமிடத்தைக் கடந்தால் 108.

எப்போது நிற்கும்? படிப்பு பாதிக்குமா?

பலருக்கு நான்கு வயதுக்குள், மற்றவர்களுக்கு ஆறு ஏழு வயதுக்குள் நின்றுவிடும். நடுவில் இரண்டாம் வயதில் ஒரு உச்சம் வரும், அப்போது கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம். மூளைக்குச் சேதமில்லை, அறிவுக்குக் குறையில்லை, பின்னாளில் வலிப்பு நோய் வருவதற்கு இது காரணமும் இல்லை.

அடுத்த மாதம் பால்வாடியில் சேர்க்கிறோம். அங்கே என்ன சொல்வது?

மறைக்காதீர்கள். மறைத்தால் முதல் நாளே ஆயா பயந்துபோய்க் குழந்தையை உலுக்குவார். நான் ஒரு துண்டுத்தாளில் இப்படி எழுதிக் கொடுப்பது வழக்கம்: ‘இந்தக் குழந்தை மிகவும் அழுதால் மூச்சு நின்று நீலமாகி மயங்கும். ஒருக்களித்துப் படுக்கவைக்கவும். உலுக்க வேண்டாம், தண்ணீர் தர வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். கடிகாரம் பார்க்கவும். ஒரு நிமிடத்துக்குள் விழிக்கும். விழிக்காவிட்டால் 108, பிறகு அம்மாவுக்குப் போன்.’ இதைச் சுவரில் ஒட்டச் சொல்லாதீர்கள், மற்றப் பெற்றோர் படித்துவிட்டுத் தங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். ஆசிரியையின் மேசை அறையில் இருந்தால் போதும். கொடுக்கும் அன்று ஆயாவையும் கூப்பிட்டு, பாயில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து ஒருமுறை செய்துகாட்டுங்கள்.